வெள்ளிக்கிழமை ராகு காலம் 12 மணிக்கு முடிகிறதா? ராமநாதபுரம் கடற்கரையின் கணக்கு

சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் வெள்ளிக்கிழமை ராகு காலம் 10:30 முதல் 12:00 வரை என்கிறது. கைபேசியில் இருக்கும் பஞ்சாங்கச் செயலி அதே நாளுக்கு 10:59 முதல் 12:27 வரை என்று காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே அரைமணி நேர வித்தியாசம். எதை நம்புவது என்று ராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பலரும் குழம்புகிறார்கள். செயலி தவறு என்று ஒதுக்குபவர்களும் உண்டு, காலண்டர் அச்சுப்பிழை என்று நினைப்பவர்களும் உண்டு.

இரண்டும் பிழை அல்ல. காலண்டரில் இருப்பது, காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6 மணிக்கு மறையும் ஒரு மாதிரிப் பகலுக்கான நேரம். செயலியில் இருப்பது அந்த ஊரில் அந்த நாளில் உண்மையாக அமைந்த பகலுக்கான நேரம். ராகு காலம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் பார்ப்பதென்று முடிவு செய்தவர் எந்த நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

## பகலை எட்டாகப் பிரிப்பது

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள நேரம் பகல். பஞ்சாங்கத்தில் இதன் நீளத்தை ‘அகஸ்’ என்ற பெயரில் நாழிகைக் கணக்கில் அச்சிடுவார்கள். இந்தப் பகலை எட்டுச் சம பங்குகளாக்கி, ஒவ்வொரு கிழமைக்கும் அதில் ஒரு பங்கை ராகு காலம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

1. முதல் பங்கு: எந்தக் கிழமைக்கும் இல்லை
2. இரண்டாம் பங்கு: திங்கள்
3. மூன்றாம் பங்கு: சனி
4. நான்காம் பங்கு: வெள்ளி
5. ஐந்தாம் பங்கு: புதன்
6. ஆறாம் பங்கு: வியாழன்
7. ஏழாம் பங்கு: செவ்வாய்
8. எட்டாம் பங்கு: ஞாயிறு

இந்த வரிசையை நினைவில் வைக்கத்தான் ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற வாக்கியம். ஊருக்கு ஊர் ஓரிரு சொல் மாறும். முதலெழுத்துகள் தி, ச, வெ, பு, வி, செ, ஞா என்று வந்தால் போதும். கவனியுங்கள், இந்த வாக்கியத்தில் மணி எதுவும் இல்லை. அது சொல்வது எத்தனையாவது பங்கு என்பதை மட்டும்தான்.

வரிசை ஏன் இப்படித் தாவுகிறது என்று கேட்பார்கள். குளிகைக்கும் எமகண்டத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அன்றைய கிழமைக்கு உரிய கிரகத்தை முதல் பங்குக்கு வைத்து, அடுத்தடுத்த கிழமைகளின் வரிசையில் எண்ணிக்கொண்டு போனால், சனியின் பங்கு வரும் இடம் குளிகை. வியாழன் என்கிற குருவின் பங்கு வரும் இடம் எமகண்டம். அதனால்தான் சனிக்கிழமை குளிகையும் வியாழக்கிழமை எமகண்டமும் உதயத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ராகுவுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தில் ராகுவுக்கும் இடமுண்டு, ஆனால் வாரத்தின் ஏழு நாட்களில் அவருக்கென்று ஒரு கிழமை கிடையாது. ஆகவே ராகுவின் வரிசையை மனப்பாடமாகத்தான் வைத்திருக்க வேண்டும். வானத்தில் ராகு எந்த ராசியில் இருக்கிறார் என்பதற்கும் இந்த நேரத்துக்கும் தொடர்பில்லை. ராகு பெயர்ச்சி நடந்தாலும் ராகு காலம் மாறாது. உதயமும் அஸ்தமனமும் கிழமையும் தெரிந்தால் போதும்.

## ‘ஏழரை முதல் ஒன்பது’ எப்படி வந்தது

பகலுக்கு 30 நாழிகை என்று வைத்தால் எட்டில் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் அது 90 நிமிடம். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. அதாவது உதயமாகி மூன்றே முக்கால் நாழிகை கழித்துத் தொடங்கி, ஏழரை நாழிகையில் முடியும்.

உதயத்திலிருந்து எண்ணிய அந்த நாழிகையைக் கடிகார மணியாக எழுதும்போது, உதயம் 6 மணி என்று வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் திங்களுக்கு 7:30–9:00, சனிக்கு 9:00–10:30, வெள்ளிக்கு 10:30–12:00, புதனுக்கு 12:00–1:30, வியாழனுக்கு 1:30–3:00, செவ்வாய்க்கு 3:00–4:30, ஞாயிறுக்கு 4:30–6:00 என்ற பட்டியல் வந்தது. உதாரணமாக எழுதிய மணி, நாளடைவில் விதியாகவே ஆகிவிட்டது.

இதில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. அந்தந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதைப் பகல் 12 என்று வைத்திருந்த காலத்தில், மாதிரிப் பகலின் நடுப்புள்ளியாவது 12-ஐ ஒட்டி நின்றது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒரே நேரம் நடைமுறைக்கு வந்தது. அது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்து அமைந்தது. ராமேசுவரம் ஏறத்தாழ 79.3 பாகையில் இருக்கிறது. ஒரு பாகை மேற்கே போனால் சூரியன் 4 நிமிடம் தாமதம். ஆக நம் கடிகாரம் 12 அடித்த பிறகும், சராசரியாக 13 நிமிடம் போன பின்தான் ராமேசுவரத்தில் உண்மையான உச்சிவேளை. ராமநாதபுரம் நகரத்தில் கிட்டத்தட்ட 15 நிமிடம்.

## உதயம் ஏன் நகர்கிறது: இரண்டு தனித்தனிக் காரணங்கள்

பெரும்பாலோர் அறிந்த காரணம் பகலின் நீளம். கோடையில் பகல் நீளும், மார்கழியில் சுருங்கும். ராமேசுவரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.3 பாகையில் மட்டுமே இருப்பதால், இங்கே இந்த மாற்றம் சிறியது. ஜூன் 21 அன்று பகல் 12 மணி 40 நிமிடம், டிசம்பர் 21 அன்று 11 மணி 35 நிமிடம். எட்டில் ஒரு பங்கு முறையே 95 நிமிடமும் 87 நிமிடமும். டெல்லிக்காரர்கள் காணும் பெரிய ஏற்ற இறக்கம் இங்கே இல்லை.

பலர் அறியாத காரணம் இரண்டாவது. அதுதான் இந்தக் கடற்கரையில் அதிகம் வேலை செய்கிறது. உச்சிவேளையே ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது.

பூமி சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக நகர்கிறது. அதோடு பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், வானத்தில் சூரியன் கிழக்கு நோக்கி நகரும் அளவும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. டிசம்பர் வாக்கில் இந்த இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்து இழுக்கின்றன. அதனால் ஓர் உச்சிவேளையிலிருந்து அடுத்த உச்சிவேளைக்கு 24 மணி நேரத்துக்கு மேல் அரை நிமிடம் வரை கூடுதலாகிறது. நாள்தோறும் அது சேர்ந்துகொண்டே போய், நவம்பர் முதல் வாரத்தில் 11:56-க்கு வந்த உச்சிவேளை பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12:27-க்குத் தள்ளிப்போகிறது. ஜூன் வாக்கில் இரண்டு காரணங்களும் எதிரெதிராக இழுப்பதால் நகர்வு குறைவு.

டிசம்பர் 22-க்குப் பிறகு பகல் நீள ஆரம்பித்துவிட்டது, பிறகு ஏன் தை பிறந்தும் விடியல் தாமதமாகிறது என்ற பழைய சந்தேகத்துக்கும் இதுவே விடை. ராமேசுவரத்தில் டிசம்பர் 21 அன்று உதயம் 6:23. ஜனவரி முடிவில் 6:34. பகல் எட்டு நிமிடம் போல நீண்டிருக்கும். ஆனால் உச்சிவேளை கால்மணி நேரம் தள்ளிப்போயிருப்பதால் பகல் முழுவதுமே அதோடு நகர்ந்துவிடுகிறது.

ராமேசுவரத்துக்கான சில நாட்களைப் பார்த்தால் இது துலங்கும். ஆண்டுக்கு ஆண்டு ஒரு நிமிடம் போல மாறலாம்.

| நாள் | உதயம் | அஸ்தமனம் | உச்சிவேளை | எட்டில் ஒரு பங்கு |
|---|---|---|---|---|
| ஜனவரி 31 | 6:34 | 6:18 | 12:26 | 88 நிமிடம் |
| மார்ச் 20 | 6:17 | 6:24 | 12:20 | 91 நிமிடம் |
| ஜூன் 21 | 5:55 | 6:35 | 12:15 | 95 நிமிடம் |
| அக்டோபர் 7 | 6:01 | 6:01 | 12:01 | 90 நிமிடம் |
| நவம்பர் 15 | 6:06 | 5:48 | 11:57 | 88 நிமிடம் |

மார்ச் 20-ஐப் பாருங்கள். இரவும் பகலும் சமம் என்று பள்ளியில் படித்த நாள் அது. அன்றும் உதயம் 6 மணிக்கு இல்லை, 6:17-க்குத்தான். காலண்டர் பட்டியல் ஓரிரு நிமிடத்துக்குள் பொருந்தி வருவது அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டிய சில நாட்களில் மட்டும்.

## ஒரு வெள்ளிக்கிழமையை முழுதாகக் கணக்கிடுவோம்

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றும் வழக்கம் இந்தப் பகுதியிலும் உண்டு. இங்கே ராகு காலத்தைத் தவிர்ப்பது நோக்கமல்ல, அந்த நேரத்துக்குள் விளக்கு எரிய வேண்டும் என்பது நோக்கம். அதனால் நேரப்பிழை என்ன செய்யும் என்பதை இந்த உதாரணத்தில் நன்றாகப் பார்க்கலாம்.

நாள் 2026 பிப்ரவரி 6, வெள்ளி. இடம் ராமேசுவரம். உதயம் காலை 6:34, அஸ்தமனம் மாலை 6:20.

1. பகலின் நீளம்: 6:34 முதல் 18:20 வரை 11 மணி 46 நிமிடம். நிமிடத்தில் 706. நாழிகையில் சொன்னால் 29 நாழிகை 25 விநாடி. இந்த விநாடி நாழிகையில் 60-இல் ஒரு பங்கு, கடிகார வினாடி அல்ல.
2. எட்டில் ஒரு பங்கு: 706-ஐ 8-ஆல் வகுத்தால் 88¼ நிமிடம்.
3. வெள்ளிக்கு நான்காம் பங்கு. அதற்கு முன் மூன்று பங்குகள் கழிய வேண்டும். 88¼ × 3 = 264¾ நிமிடம், அதாவது 4 மணி 25 நிமிடம். உதயத்தோடு கூட்டினால் 10:59.
4. அதோடு இன்னொரு 88¼ நிமிடம் கூட்டினால் பிற்பகல் 12:27.

ஆக ராகு காலம் 10:59 முதல் 12:27 வரை. இப்போது பட்டியலை நம்பி வந்தவரை எண்ணிப் பாருங்கள். 10:30-க்குக் கோயிலுக்கு வந்து, 10:35-க்கு விளக்கேற்றி, வலம் வந்து, 10:55-க்கு வெளியே வந்துவிட்டார். ராகு காலம் இன்னும் தொடங்கவே இல்லை. ராகு காலத்தின் கடைசி அரைமணி நேரத்தை அமிர்த கடிகை என்று விசேஷமாகக் கருதி அதற்கென்றே வருபவர்களும் உண்டு. பட்டியல்படி அது 11:30 முதல் 12 வரை. உண்மையில் அன்று அது 11:57 முதல் 12:27 வரை. இரண்டும் சேர்ந்திருப்பது மூன்றே நிமிடம். 12 மணிக்கு நடை சாத்தும் சிறு கோயிலாக இருந்தால் அன்று அந்த வேளையில் தரிசனமே இருக்காது. முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

மறுபக்கம், ராகு காலத்தைத் தவிர்ப்பவர். ‘12 மணியோடு முடிந்தது, 12:05-க்குக் கடை திறக்கலாம்’ என்று அவர் நினைத்தால், அவர் தவிர்க்க நினைத்த நேரத்துக்குள்ளேயே திறக்கிறார்.

இதே ஆண்டில் இன்னொரு வெள்ளி, நவம்பர் 6. உதயம் 6:04, அஸ்தமனம் 5:49. பகல் 11 மணி 45 நிமிடம், பிப்ரவரியைவிட ஒரே நிமிடம் குறைவு. எட்டில் ஒரு பங்கு அதே 88 நிமிடம்தான். ஆனால் ராகு காலம் 10:28 முதல் 11:56 வரை. அதாவது பகலின் நீளம் மாறாமலேயே ராகு காலம் அரைமணி நேரம் முன்னே வந்துவிட்டது. உச்சிவேளையின் நகர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நவம்பரில் சரியாக இருந்த காலண்டர் பிப்ரவரியில் ஏன் பிசகுகிறது என்பதும் இங்கே புரியும்.

## உச்சிவேளையிலிருந்து எண்ணுவது எளிது

எட்டுப் பங்கில் நான்கு உச்சிக்கு முன், நான்கு உச்சிக்குப் பின். ஆகவே வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்போதும் உச்சிவேளையில் முடியும். புதன்கிழமை ராகு காலம் எப்போதும் உச்சிவேளையில் தொடங்கும். உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடு நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற கிழமைகளுக்குப் பங்குகளைக் கூட்டியோ கழித்தோ வந்துவிடலாம்.

வியாழன் உச்சிக்கு ஒரு பங்கு பின் தொடங்கும், செவ்வாய் இரண்டு பங்கு பின், ஞாயிறு மூன்று பங்கு பின் தொடங்கி அஸ்தமனத்தில் முடியும். சனி உச்சிக்கு ஒரு பங்கு முன் முடியும், திங்கள் இரண்டு பங்கு முன். இந்த முறையில் இன்னொரு லாபம் இருக்கிறது. உதயம் என்றால் என்ன என்பதில் பஞ்சாங்கங்களுக்குள் வேறுபாடு உண்டு. சூரியனின் மேல் விளிம்பு தெரிவதை உதயம் என்று சிலர் கொள்கிறார்கள், வட்டத்தின் நடு கடல்மட்டத்துக்கு வருவதைச் சிலர் கொள்கிறார்கள். காற்று ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுவதைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. எல்லாம் சேர்ந்து உதயம் மூன்றரை நிமிடம் வரை வேறுபடும். ஆனால் உதயம் எவ்வளவு தாமதமோ அஸ்தமனமும் அவ்வளவு முன்னதாக ஆகிவிடுவதால் நடு நேரம் அசையாது. எட்டில் ஒரு பங்கு ஒரு நிமிடத்துக்குள்தான் மாறும். வாக்கியம், திருக்கணிதம் என்ற பஞ்சாங்க வேறுபாடு திதியிலும் நட்சத்திரத்திலும் பெரிதாகத் தெரியும். ராகு காலத்துக்கு அது ஒரு சிக்கலே இல்லை.

## பாதி திருத்தம், முழுப் பிழை

உதயம் மாறுகிறது என்று தெரிந்துகொண்ட சிலர் இன்னொரு தவறு செய்கிறார்கள். ‘இன்று உதயம் 6:06, அதனால் பட்டியலில் எல்லாவற்றோடும் 6 நிமிடம் கூட்டு’ என்பது அவர்கள் முறை. பங்கு 90 நிமிடமாகவே இருக்கிறது, தொடக்கம் மட்டும் நகர்கிறது.

காலையில் வரும் திங்கள், சனிக்கு இதனால் பெரிய பாதகமில்லை. பங்குகள் எண்ண எண்ணப் பிழை கூடும். ஞாயிற்றுக்கிழமைதான் இதில் மிகவும் கெடும், ஏனென்றால் ஏழு பங்குகளின் பிழையும் அதில் வந்து சேருகிறது. 2026 நவம்பர் 15 ஞாயிறு. உதயம் 6:06, அஸ்தமனம் 5:48. இவர்கள் கணக்குப்படி ராகு காலம் 4:36 முதல் 6:06 வரை. சூரியன் மறைந்து 18 நிமிடம் ஆன பிறகும் பகலின் எட்டாம் பங்கு நடந்துகொண்டிருக்கிறது! சரியான கணக்கில் அது 4:20-க்குத் தொடங்கி 5:48-க்கு அஸ்தமனத்தோடு முடிகிறது.

ஜூன் மாதத்தில் பிழை எதிர்ப்பக்கம் போகும். 2026 ஜூன் 21 ஞாயிறு. உதயம் 5:55. பாதி திருத்தம் செய்தவருக்கு 4:25 முதல் 5:55. உண்மையில் 5:00 முதல் 6:35. இந்த நாளில் திருத்தமே செய்யாத காலண்டர், 4:30 முதல் 6:00 என்று சொல்லி, பாதி திருத்தியவரைவிட உண்மைக்குச் சற்று நெருங்கி நிற்கிறது. ஆகவே திருத்துவதென்றால் இரண்டையும் திருத்த வேண்டும்: தொடக்கத்தையும், பங்கின் நீளத்தையும். எமகண்டத்துக்கும் குளிகைக்கும் இதே விதிதான்.

## எந்த ஊரின் உதயம்?

தினசரி காலண்டரில் அச்சிட்டிருக்கும் உதய நேரம் பல வேளைகளில் சென்னைக்கானது. சென்னை ராமேசுவரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு பாகையில் இருப்பதால் அங்கே உச்சிவேளை 4 நிமிடம் முந்தும். வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே கோடைப் பகல் இன்னும் நீளம், மார்கழிப் பகல் இன்னும் குட்டை. ஜூன் 21 அன்று சென்னையில் 5:44-க்கு உதயம், ராமேசுவரத்தில் 5:55-க்கு. டிசம்பர் 21 அன்றோ சென்னையில் 6:26, ராமேசுவரத்தில் 6:23, அதாவது வரிசை தலைகீழ். எனவே ‘சென்னை நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டு’ என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது.

மாவட்டத்துக்குள் வித்தியாசம் சிறியது. ராமநாதபுரம் நகரம் ராமேசுவரத்துக்கு 2 நிமிடம் பின்னே. கிழக்குக் கோடியான தனுஷ்கோடிக்கும் மேற்கே சாயல்குடிக்கும் இடையே 4 நிமிடம். இதற்காகத் தனித்தனிப் பட்டியல் தேவையில்லை. உதயமும் அஸ்தமனமும் முழு நிமிடமாகத்தான் அச்சாகின்றன என்பதால் கணக்கில் ஓரிரு நிமிடப் பிசகு எப்படியும் இருக்கும். இரு பக்கமும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டால் எந்த ஊருக்கும் சரியாகிவிடும்.

தனுஷ்கோடியில் கடலிலிருந்து சூரியன் எழுவதைக் கண்ணால் பார்த்து நேரம் குறிக்கலாமே என்றால், அதில் ஓர் ஆபத்து உண்டு. அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் மேகப்பட்டை வெறும் கண்ணுக்கு மேகமாகத் தெரியாமலே பல நிமிடங்கள் சூரியனை மறைத்துவிடும். சூரியன் தெரிந்த நேரம் வேறு, உதித்த நேரம் வேறு.

## உங்கள் செயலி எதைக் காட்டுகிறது என்று அறிய

1. ராகு காலத்தின் நீளத்தைப் பாருங்கள். எல்லா மாதமும் சரியாக 90 நிமிடம் என்றால் அது பகலை அளக்கவில்லை. இந்தக் கடற்கரையில் 90 நிமிடம் அமைவது மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும்தான்.
2. ஞாயிற்றுக்கிழமை முடியும் நேரமும் அதே செயலி காட்டும் அஸ்தமன நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி திருத்தம்.
3. இரண்டும் சரியாக இருந்தும் நேரம் சந்தேகமாக இருந்தால், செயலியில் ஊர் என்னவென்று பாருங்கள். இருப்பிட அனுமதி கொடுக்காதபோது சில செயலிகள் வேறொரு பெரிய நகரத்தை எடுத்துக்கொள்ளும். பிப்ரவரியில் உதயம் 7 மணிக்கு மேல் என்று காட்டினால் அது வடக்கிலோ மேற்கிலோ உள்ள வேறு ஊரின் நேரம். ராமேசுவரத்தில் உதயம் எந்த நாளும் 6:35-ஐத் தாண்டுவதில்லை.

செயலியே இல்லாமல் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. காற்றில்லாத ஒரு முற்றத்தில் சமதரையில் நேரான குச்சி ஒன்றைச் செங்குத்தாக நடுங்கள். தூக்குக்குண்டு வைத்து நேர் பார்த்துக்கொள்ளுங்கள். காலை 10 மணி போல நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து நேரத்தைக் குறியுங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்தப் புள்ளி வழியே ஒரு வட்டம் வரையுங்கள். நிழல் சுருங்கி, பிறகு நீண்டு, பிற்பகலில் மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டு நேரங்களுக்கும் நடுவே உள்ளது உச்சிவேளை. நிழல் மிகக் குட்டையாகும் கணத்தை நேரடியாகப் பிடிக்க முயன்றால் ஏமாந்துபோவோம், அந்த வேளையில் நிழலின் நீளம் வெகுநேரம் மாறாததுபோல் தோன்றும். வட்ட முறையில் ஓரிரு நிமிடத்துக்குள் விடை வரும். வெள்ளிக்கு முடிவும் புதனுக்குத் தொடக்கமும் அந்த நேரம்தான்.

ஏப்ரல் 13, 14 வாக்கில், சித்திரை பிறக்கும்போது, சூரியன் ராமேசுவரத்துக்கு நேர் உச்சியில் வரும். அன்று வட்டமும் வேண்டாம். நட்ட குச்சியின் நிழல் அடிக்குள் ஒடுங்கிக் காணாமல் போகும். அப்போது கடிகாரத்தைப் பார்த்தால் 12:13 இருக்கும்.